ரத்து செய்யும் பொத்தான் யார் கையில்? ஒரு பில்லிங் மென்பொருளின் பயிற்சி முறை, சோதனைப் பார்வை

நடுத்தர அளவு சூப்பர் மார்க்கெட்டுகளுக்கென விற்கப்படும் ஒரு பில்லிங் மென்பொருள், தன் புதிய பதிப்பில் புதுக் கேஷியர்களுக்காக ஒரு பயிற்சி முறையைச் சேர்த்திருக்கிறது. அதில் போடும் பில் கணக்கில் ஏறாது, ஸ்டாக்கும் குறையாது. திரையின் உச்சியில் ஆரஞ்சு நிறப் பட்டை எரிந்துகொண்டே இருப்பதால் அசல் பில்லோடு குழம்பவும் வழியில்லை. ஸ்கேன் செய்வதையும் காசு வாங்குவதையும் அது சில திரைகளில் முடித்துவிட்டு, மீதி நேரத்தை எல்லாம் வாய்டு, ரிட்டர்ன், விலை மாற்றம் ஆகிய மூன்றுக்கே ஒதுக்குகிறது. நல்ல முடிவு. கல்லாவில் காசு கசிவது பெரும்பாலும் இந்த மூன்று வழியாகத்தான்.

முதலில் வாய்டு. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் 168 ரூபாய் வீதம் இரண்டு, ஒரு சலவைத் தூள் 236 ரூபாய் என்று ஒரு பில் போட்டேன். எண்ணெயை வேண்டுமென்றே மூன்று முறை ஸ்கேன் செய்தேன். காசு வாங்குவதற்கு முன் கூடுதல் வரியை நீக்க மென்பொருள் யாரையும் கேட்கவில்லை. கேஷியரே நீக்கலாம்; ஆனால் நீக்கிய வரி பதிவில் நிற்கும். 572 ரூபாய் வாங்கி பில் அச்சான பிறகு அதையே ரத்து செய்யப் போனால் கதை மாறுகிறது. சூப்பர்வைசரின் ரகசிய எண் இல்லாமல் திரை நகராது.

காரணத்தையும் கையேடு மறைக்காமல் சொல்கிறது. ரொக்கம் கொடுத்த வாடிக்கையாளர் பில்லை வாங்காமலே போய்விடுகிறார். அவர் தலை மறைந்ததும் கேஷியர் பில்லை ரத்து செய்துவிட்டு 572 ரூபாயைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மாலையில் கல்லா எண்ணினால் கணக்கு சரியாகவே இருக்கும். எண்ணெயும் சலவைத் தூளும் கணினியில் ஸ்டாக்குக்குத் திரும்பியிருக்கும், அலமாரியில் இருக்காது. அடுத்த ஸ்டாக் எண்ணும் வரை யாருக்கும் தெரியாது. அதனால் அனுமதி தருபவர் பொருள், பில், வாடிக்கையாளர் மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகே எண்ணை அழுத்த வேண்டும். இந்த விதி கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

ரத்தான பில்லின் எண் அழிவதில்லை என்பதையும் அது சரியாகச் சொல்லித் தருகிறது. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்கள் தொடர் வரிசையில் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் எத்தனை பில் போட்டோம், எத்தனை ரத்து என்று தனியே காட்டவும் வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தரும் பகுதி இவ்வளவு தெளிவாக இல்லை. மென்பொருளில் பில் ரத்தானால் கார்டில் பணம் தானாகத் திரும்பாது. ஸ்வைப் மெஷினிலும் தனியே வாய்டு போட வேண்டும், அதுவும் அன்றைய செட்டில்மென்ட் முடிவதற்குள். முடிந்துவிட்டால் ரீஃபண்டுதான், அது வந்து சேரச் சில நாட்கள் ஆகும். யு.பி.ஐ.யில் வாங்கியதை யு.பி.ஐ.யிலேயே திருப்ப வேண்டும். கல்லாவிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்தால் அதுவே இன்னொரு ஓட்டை. இவ்வளவு முக்கியமான விஷயத்துக்குக் கையேடு தருவது ஒரே ஒரு வாக்கியம்.

அடுத்தது ரிட்டர்ன். இந்த மென்பொருளின் பலம் இங்கேதான். பழைய பில்லின் எண்ணைக் கேட்காமல் அது ரிட்டர்ன் திரையையே திறப்பதில்லை. அதன் அருமை ஒரு கணக்கில் விளங்கும். வார இறுதிச் சலுகையில் அதே சலவைத் தூளை ஒருவர் 200 ரூபாய்க்கு வாங்குகிறார். சலுகை முடிந்து, விலை மறுபடி 236 ஆன பின் திருப்பிக் கொண்டு வருகிறார். கேஷியர் பாக்கெட்டை மட்டும் ஸ்கேன் செய்து ரிட்டர்ன் போட்டால் இன்றைய விலை ஏறும். கடைக்கு 36 ரூபாய் நஷ்டம். 18 சதவீத வரியிலும் 30.51 ரூபாய்க்குப் பதில் 36 ரூபாய் கழியும். பழைய பில்லிலிருந்து எடுத்தால் 200 ரூபாய்க்கு மட்டுமே கிரெடிட் நோட் வரும். பில் தொலைந்துவிட்டது என்பவருக்கு மொபைல் எண்ணை வைத்துத் தேடலாம். அதுவும் கிடைக்காவிட்டால் முடிவு ஸ்டோர் மேனேஜருடையது, சூப்பர்வைசருக்குக்கூட அந்த அதிகாரம் இல்லை.

விலை மாற்றத்தில் கேஷியருக்கு அதிகாரமே கிடையாது. சூப்பர்வைசர் 10 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்கு மேல் மேனேஜர். அதாவது அந்தச் சலவைத் தூளை சூப்பர்வைசர் 212.40 வரை இறக்கலாம். பாக்கெட் கிழிந்ததென்று 190க்குக் கொடுக்க மேனேஜர் வர வேண்டும். 240 என்று ஏற்றிப் பார்த்தேன். மேனேஜர் எண்ணுக்கும் மசியவில்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம் என்பதால் அந்தக் கதவு யாருக்கும் திறக்காது.

புதியவர்கள் அதிகம் குழம்புவது வேறோர் இடத்தில். பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே பார்கோடோடு வெவ்வேறு எம்.ஆர்.பி.யில் ஒன்றாகக் கிடக்கும். ஸ்கேன் செய்ததும் 236, 228 என்று இரண்டு விலை திரையில் வரும். அவசரத்தில் மேலே இருப்பதை அழுத்திவிட்டு, வாடிக்கையாளர் பாக்கெட்டைக் காட்டிச் சண்டை போட்டதும் விலையை மாற்றச் சொல்லி சூப்பர்வைசரைக் கூப்பிடுவார்கள். இதற்கு அனுமதியே தேவையில்லை என்கிறது கையேடு. பாக்கெட்டைத் திருப்பி, அச்சிட்ட விலையைப் பார்த்து, சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த ஒரு பாடத்தாலேயே தேவையில்லாத அனுமதிக் கோரிக்கைகள் பெருமளவு குறையும்.

குறை என்று பார்த்தால், அனுமதி தரும் முறையே பெரிய குறை. எல்லாம் நான்கு இலக்க ரகசிய எண்ணை நம்பி நிற்கிறது. சனிக்கிழமை மாலை வரிசை நீளும்போது சூப்பர்வைசர் அரிசி மூட்டைப் பக்கத்திலிருந்தே குரல் கொடுப்பார்: “நீயே என் நம்பரைப் போட்டுக்கம்மா!” அடுத்த நாளிலிருந்து அந்த எண் கவுண்டர் முழுக்கத் தெரிந்த எண். இதைச் சோதிக்க, இரண்டு கவுண்டர்களில் ஒரே சூப்பர்வைசர் எண்ணை அடுத்தடுத்துப் போட்டோம். பதிவு இப்படி வந்தது:

```
14:52:07  C03  VOID_BILL  4471  572.00         APPR S01
14:52:11  C06  PRICE_OVR  4474  236.00>215.00  APPR S01
```

மூன்றாவது கவுண்டரில் ரத்து, நான்கே விநாடியில் ஆறாவது கவுண்டரில் விலைக் குறைப்பு. ஓர் ஆள் இரண்டு இடத்தில் பொருளைப் பார்த்து அனுமதித்திருக்க முடியாது. மென்பொருள் இரண்டையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது, எச்சரிக்கை எதுவும் இல்லை. சூப்பர்வைசரே கவுண்டரில் உட்கார்ந்து பில் போடும்போது, தன் பில்லைத் தானே ரத்து செய்யவும் விடுகிறது. இதைத் தடுக்கும் வசதி அமைப்புப் பக்கத்தில் இருந்தும், ஆரம்ப நிலையில் அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

போனிலேயே அனுமதி கேட்கும் வசதியும் உண்டு. வேகமாக வேலை செய்கிறது. ஆனால் மாடியில் இருப்பவர் பொருளைப் பார்க்காமலே சரி என்று தட்டிவிட முடியும். விலை மாற்றத்துக்கு, பாக்கெட்டின் படத்தோடு வந்தால் ஒத்துக்கொள்ளலாம். காசு வாங்கிய பில்லை ரத்து செய்ய இது கூடாது.

இரண்டு மூன்று கவுண்டர் உள்ள கடை என்றால் தயங்காமல் வாங்கலாம். ரிட்டர்ன் பகுதியும் எம்.ஆர்.பி. பாடமும் மட்டுமே கொடுத்த காசுக்குத் தகும். அதைவிடப் பெரிய கடைகள் கூடவே கைரேகைக் கருவியோ கார்டு ரீடரோ வாங்க வேண்டியிருக்கும், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எந்தக் கடையானாலும், புதுக் கேஷியரைப் பயிற்சி முறையில் உட்கார வைக்கும் முன் அமைப்புப் பக்கத்துக்குப் போய், தன் பில்லுக்குத் தானே அனுமதி தரும் வழியை மூடிவிடுங்கள். பிறகு மேனேஜர் தினமும் கடையடைக்கும்போது அனுமதிப் பதிவை ஒருமுறை படித்தால், எந்த எண் ஊருக்கே தெரிந்துபோனது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.