12 ஜிபியில் எதை விட்டுக்கொடுப்பது?

ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. அதில் க்வென் 2.5 வரிசையின் 14பி மாடலை ஓட்ட நினைப்பவர், எடைகளை எத்தனை பிட்டுக்குச் சுருக்குவது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, சூழல் நீளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். இரண்டும் ஒரே பையிலிருந்து போகும் செலவு என்பதால் அந்த வரிசை சரிப்படாது.

Q8_0 கோப்பு மட்டுமே 14 ஜிபியைத் தாண்டும்; அதைப் பற்றிப் பேச்சே இல்லை. Q4_K_M கோப்பு சுமார் 8.4 ஜிபி. மீதி 3.6. திரைக்கும் கணக்கீட்டுக்கும் ஒரு ஜிபி போனால், சூழலுக்குக் கிடைப்பது இரண்டரை. இந்த மாடலின் கேவி கேஷ் 16 பிட்டில் டோக்கன் ஒன்றுக்கு 192 கேபி கேட்கிறது. 8,192 டோக்கனுக்கு 1.5 ஜிபி, 16,384க்கு 3 ஜிபி, 32,768க்கு 6 ஜிபி. ஆக, 8கே இடிக்காமல் உட்காரும், 16கே உட்காராது.

உட்காராதபோது என்ன நடக்கும்? விண்டோஸில் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது. டிரைவர் மிச்சத்தைக் கணினியின் ரேமுக்குத் தள்ளிவிடும். வேகம் திடீரென்று படுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் Shared GPU memory ஏறிக்கொண்டே போனால் காரணம் அதுதான்.

இடம் பிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, எடையை Q2_K வரை இறக்குவது. சுமார் 3 ஜிபி மிச்சமாகும். அடுத்த சொல்லை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்ற சராசரி அளவீட்டில் இழப்பு பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் தெரியலாம். ஆனால் சராசரி, எண்களிலும் நிரலிலும் நேரும் சறுக்கலைக் காட்டாது. லத்தீன் எழுத்தில் இல்லாத மொழிகளுக்குச் சுருக்கத்தால் பாதிப்பு அதிகம் என்று கோஹியர் ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். தமிழில் வேலை வாங்குபவர் இதைத் தள்ளிவிட முடியாது.

மற்றொன்று, எடையைத் தொடாமல் கேஷை மட்டும் 8 பிட்டுக்குக் குறைப்பது. 16கே சூழல் 3 ஜிபியிலிருந்து 1.6 ஜிபிக்கு இறங்கும். பதிலின் தரத்தில் வழக்கமாக வித்தியாசம் தெரிவதில்லை. llama.cpp-இல்:

```
llama-server -m Qwen2.5-14B-Instruct-Q4_K_M.gguf \
  -ngl 99 -c 16384 -fa on -ctk q8_0 -ctv q8_0
```

சூழல் டோக்கனில் அளக்கப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் பல மடங்கு டோக்கன் பிடிக்கும். ஆங்கில ஆவணத்துக்குத் தாராளமான 16கே, தமிழ் ஆவணத்துக்குச் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

இந்தக் கார்டுக்கு என் தீர்ப்பு: Q4_K_M, 8 பிட் கேஷ், 16கே. அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் ஆவணத்தைப் பிரித்துக் கொடுங்கள். அல்லது 7பி மாடலுக்கு இறங்குங்கள், அதன் கேஷ் டோக்கனுக்கு 56 கேபிதான். நீளத்துக்காக எடையை 2 பிட்டுக்கு வெட்டுவது மட்டும் வேண்டாம்.