ஏற்காடு ஏறும் அம்பாசிடருக்கு ஈய மருந்து எதற்கு?

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. பங்கில் பெட்ரோல் போடும்போது டிக்கியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து, மூடியால் அளந்து டேங்கில் ஊற்றுவார்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த என்ஜின் இது, இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை, ஆகவே ஈயத்துக்கு மாற்றாக ஏதாவது ஊற்றாவிட்டால் வால்வு போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு முழுப் பொய்யல்ல. ஆனால் சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் ஒரு பழைய அம்பாசிடருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று பார்த்தால், குப்பிக்குப் போகும் காசு பெரும்பாலும் தவறான இடத்துக்குத்தான் போகிறது.

பெட்ரோலில் ஈயம் இரண்டு வேலை செய்தது. முதல் வேலைக்காகத்தான் அதைச் சேர்த்தார்கள். 1921இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்க்லி, டெட்ரா எத்தில் ஈயத்தைச் சொற்ப அளவில் கலந்தால் என்ஜினில் நாக்கிங் அடங்குவதைக் கண்டுபிடித்தார். மலிவான வழியில் ஆக்டேன் எண் உயர்ந்தது. அந்த வேலையை இன்று சுத்திகரிப்பு ஆலையும் எத்தனாலும் பார்த்துக்கொள்கின்றன. இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண்ணே இப்போது குறைந்தது 91. பழைய அம்பாசிடரின் 1,489 சி.சி. என்ஜின், அக்கால இந்தியப் பெட்ரோலின் தரத்தை நினைத்து, ஏழுக்குச் சற்று மேற்பட்ட அழுத்த விகிதத்தில் செய்யப்பட்டது. அதற்கு 91 தாராளம். ஏற்காடு 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் குறையும், ஆக்டேன் தேவையும் குறையும். ஆக்டேனைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் எந்தக் குப்பியும் இந்தக் காருக்கு வீண்.

இரண்டாவது வேலை யாரும் திட்டமிடாமல் கிடைத்தது. எரிந்த ஈயத்தின் சேர்மங்கள் எக்சாஸ்ட் வால்வும் அது அமரும் சீட்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்தன. இந்தப் படலம் இல்லையென்றால், பழுக்கக் காய்ந்த வால்வு வார்ப்பிரும்புச் சீட்டில் அடித்து அமரும் ஒவ்வொரு முறையும் இரு உலோகமும் நுண்ணளவில் ஒட்டிக்கொள்ளும்; வால்வு எழும்போது சீட்டிலிருந்து துகள் பெயர்ந்து வரும். பெயர்ந்த துகள் இரும்பு ஆக்சைடாக மாறி உப்புத்தாள் போல மேலும் அரைக்கும். நாளடைவில் வால்வு ஹெட்டுக்குள் அமிழும். டேப்பெட் இடைவெளி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் போகும், வால்வு விளிம்பு எரியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஹெட் என்ன உலோகம் என்பதுதான். பிரிமியர் பத்மினிக்கு அலுமினிய ஹெட். அலுமினியத்தில் வால்வு நேரடியாக அமர முடியாது என்பதால் கடின உலோக வளையங்களைச் சீட்டாகப் பொருத்தியே அது வெளிவந்தது. பத்மினிக்காரர் மருந்து ஊற்றத் தேவையே இல்லை. அம்பாசிடருக்கும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் வார்ப்பிரும்பு ஹெட், அதிலேயே கடைந்த சீட். கவலைப்பட வேண்டியவர்கள் இவர்கள்தான். ஈயம் வருவதற்கு முன்பே செய்த 1910களின் கார்களுக்கு ‘ஈய மாற்று’ தேடுகிறவர்களும் உண்டு; அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வார்ப்பிரும்புச் சீட் தேய்வது வேகத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது தேய்மானம் மிகக் குறைவு. அதற்கு மேல் இடைவிடாமல் நெடுநேரம் ஓடினால்தான் கடகடவென்று ஏறும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறும் அம்பாசிடர், இரண்டாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும். அப்போது என்ஜின் சுற்று 2,500ஐ ஒட்டியிருக்கும். சுமை உண்டு, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுபடும், வால்வு மூச்சுவிடும். இறங்கும்போது சுமையே இல்லை. மலைப்பாதைதான் என்ஜினைக் கொல்லும் என்பது பொதுவான எண்ணம். வால்வு சீட்டைப் பொறுத்தவரை கொல்வது மலையல்ல, சமவெளிதான். அதே கார் சேலத்திலிருந்து சென்னைக்கு நாற்கரச் சாலையில் கோடை வெயிலில் எண்பதுக்கு மேல் மணிக்கணக்காக ஓடினால், சுற்று 3,000ஐத் தாண்டி அங்கேயே நிற்கும்.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரி முதல் நாள் முழுதாக நின்றது. அதற்குப் பிறகும் அம்பாசிடர்கள் மருந்தில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஹெட்டுகள் கூட்டம் கூட்டமாகப் போய்விடவில்லை என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன். அதிகம் ஓடிய டாக்சி அம்பாசிடர்களில் பெரும்பகுதி டீசல். பெட்ரோலில் மிஞ்சியவை பெரும்பாலும் மெதுவாக, குறைவாக ஓடியவை. நிதானமாக ஓட்டினால் சீட் தேயாது என்பதற்கு அது சாட்சி. எப்படி ஓட்டினாலும் தேயாது என்பதற்கு அல்ல.

குப்பியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஈயப் பெட்ரோல் நிற்கவிருந்த 1990களின் இறுதியில், அந்நாட்டுப் பழைய வாகன மன்றங்களின் கூட்டமைப்பு இந்த மருந்துகளை என்ஜினிலேயே ஓட்டிச் சோதிக்க ஏற்பாடு செய்தது. பொட்டாசியம், பாஸ்பரஸ், மாங்கனீசு சார்ந்த சில தயாரிப்புகள் சீட்டைக் காப்பது அதில் தெரிந்தது. ஆகவே நல்ல மருந்து ஏமாற்று அல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டேங்குக்கும் தவறாமல் ஊற்றினால்தான் பலன். லிட்டருக்கு ஒரு மில்லி என்ற மாதிரியான நுண்ணளவு, கையால் ஊற்றும்போது அடிக்கடி தப்பும். ஒரு வகையை இன்னொரு வகையோடு கலக்கக் கூடாது. மருந்தில் என்ன உலோகம் இருக்கிறது என்றே எழுதாத குப்பிகளை நம்ப வழியில்லை. நம்மூரில் மருந்துக்குப் பதிலாக 2டி ஆயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஈயம் விட்டுப்போன படலத்தை உண்டாக்காது. ஆக்டேனைக் குறைத்து, பிளக்கில் கரியைத்தான் சேர்க்கும்.

மருந்து வேண்டுமா என்று காரையே கேட்கலாம். இதற்கு ஒரு ஃபீலர் கேஜும் ஒரு நோட்டும் போதும். அம்பாசிடரின் பழைய என்ஜினில் எட்டு வால்வுகள். முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்சாஸ்ட். நடுவிலுள்ள 4ம் 5ம் ஒரே புகைவழியைப் பகிர்வதால் அவைதான் அதிகம் சூடாகும். டேப்பெட் இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. எட்டையும் சரியாக வைத்துவிட்டு, 1,500 கிலோமீட்டர் ஓடிய பின் அதே வெப்பநிலையில் மறுபடி அளக்க வேண்டும். ராக்கர், கேம் போன்ற மற்றவை தேய்ந்தால் இடைவெளி கூடும். சீட் தேய்ந்தால் அது குறையும். 4ம் 5ம் 12 தௌவுக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மறுபடி 15 வைத்து, அடுத்த 1,500இலும் 12க்கு வந்தால் வால்வு அமிழ்கிறது என்பது உறுதி. முதல் முறை ஒரு தௌ குறைந்து, பிறகு நிலைத்துவிட்டால் கவலை இல்லை. அளக்காமலே டேப்பெட்டைத் தளர்த்திவிட்டுப் போகும் மெக்கானிக், இந்த ஒரே தடயத்தையும் அழித்துவிடுகிறார்.

இப்போது உண்மையான தொல்லைக்கு வருவோம். 2025 வாக்கில் நாடு முழுவதும் பங்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டர் அதே ஜெட்டில் கொடுக்கும் கலவை சுமார் எட்டு சதவீதம் மெலியும். மெலிந்த கலவையில் என்ஜின் தயங்கும், சூடாகும்; எக்சாஸ்ட் வால்வு மேலும் காயும். குப்பி தடுக்க நினைக்கும் தேய்மானத்தை ஊக்குவிப்பதே இந்த மெலிவுதான்.

ஆனால் மலை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. காற்று மெலிந்தால் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை, கலவை கெட்டியாகிவிடும். சுமார் 280 மீட்டரில் உள்ள சேலத்தில் செட் செய்த கார் ஏற்காட்டில் நிற்கும்போது கலவை ஏறக்குறைய ஆறு சதவீதம் கெட்டி. எத்தனாலின் மெலிவைப் பெரும்பாலும் உயரமே ஈடுசெய்துவிடுகிறது. எனவே ஏற்காட்டு எஸ்டேட்டிலேயே இருக்கும் கார் ஜெட்டைத் தொடாமல் ஓடலாம். சேலத்தில் இருந்துகொண்டு எப்போதாவது மலையேறும் காருக்கு எஸ்.யூ. கார்புரேட்டரின் ஜெட் நட்டை ஒரு முகம், இரண்டு முகம் இறக்கிக் கலவையைக் கெட்டியாக்க வேண்டும். பிளக் முனை வெளிறியிருந்தால் மெலிவு, கரிபடிந்திருந்தால் அளவுக்கு மீறிய கெட்டி, இளம் பழுப்பு சரி.

கோடை விழாக் கூட்டத்தில் வளைவுக்கு வளைவு நின்று ஏறும்போது கார் திடீரென அணைந்து, அரை மணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் அது வேப்பர் லாக். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். உயரத்தில் இன்னும் சீக்கிரம். என்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்பும் அருகில் ஓடும் குழாயும் சூட்டை வாங்கிப் பெட்ரோலை ஆவியாக்கிவிடும். ஈரத்துணி தற்காலிகம். எக்சாஸ்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு வைப்பதே நிரந்தரம். எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் இளக வைக்கும். அவற்றிலிருந்து பெட்ரோல் சூடான மேனிஃபோல்டு மேல் சொட்டும்போது பிரச்சினை வால்வில் இல்லை, உயிரில். எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் இவற்றை மாற்றுவது முதல் செலவு. மழைமாதங்களில் பனிமூட்டத்தில் பாதி டேங்கோடு நிற்கும் காரில் எத்தனால் ஈரத்தை இழுத்து, ஓர் அளவுக்கு மேல் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்த வேண்டும்.

என் தீர்ப்பு இது. மலையும் சேலமுமாக ஓடும் அம்பாசிடருக்கு ஈய மாற்று தேவையில்லை. நெடுஞ்சாலையில் அடிக்கடி வேகமாக ஓடி, டேப்பெட் நோட்டிலும் தேய்மானம் தெரிகிற வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு மட்டும், உட்பொருள் தெரிந்த ஒரே மருந்தை விடாமல் ஊற்றலாம். அதுவும் ஹெட்டைக் கழற்றும் நாள்வரைதான். கழற்றும்போது நான்கு எக்சாஸ்ட் சீட்டுகளுக்கும் கடின வளையம் போட்டுவிட வேண்டும். வார்ப்பில் தண்ணீர் வழிக்கு மிக அருகே கடைய வேண்டியிருக்கும், கை தவறினால் ஹெட்டே போகும். அதனால் இந்த வேலையை முன்பே செய்து பழகிய பட்டறையில் மட்டும் கொடுங்கள்.