ஆண்டுக்கு ஒரு விழுக்காடு: யாருக்கு?

பிரிட்டனில் சிறப்பு மருத்துவர்கள் குடும்ப மருத்துவருக்குக் கடிதம் எழுதி, நகலை மட்டும் நோயாளிக்கு அனுப்புவது பழைய வழக்கம். கடிதத்தை நேரே நோயாளிக்கே, அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள் என்று அங்குள்ள மருத்துவ ராயல் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2018-இல் வழிகாட்டியது. அதன் நல்ல விளைவுக்கு உதாரணமாக ரத்தவியல் துறையின் எம்.ஜி.யு.எஸ். கடிதத்தைச் சொல்பவர்கள் உண்டு. மொழி எளிமையானது, தொனி கனிவானது, ‘இது புற்றுநோய் அல்ல’ என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்தக் கடிதம் நல்ல கடிதம் அல்ல.

எம்.ஜி.யு.எஸ். என்ற நிலையில், எலும்பு மஜ்ஜையில் ஒரே வகைப் பிளாஸ்மா செல்கள் பெருகி, ஒரே அச்சிலான புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் ஆவதில்லை; சிலருக்கு மைலோமாவாக மாறுகிறது. இதைச் சொல்லிவிட்டுக் கடிதம் எழுதும் வாக்கியம் அநேகமாக ஒன்றே: ‘ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு இது முற்றக்கூடும்.’ என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான்.

அது எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. கடிதமோ ஒருவருக்குப் போகிறது. 68 வயதுப் பெண்கள் இருவரை வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு ஐ.ஜி.ஜி. வகைப் புரதம், லிட்டருக்கு 8 கிராம். ரத்தத்தில் தனியாகத் திரியும் இலகு சங்கிலிகளின் விகிதம் 1.2, அதாவது இயல்பு. இரண்டாமவருக்கு ஐ.ஜி.ஏ. வகை, 18 கிராம், விகிதம் 9. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட கணக்கு மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறது. புரதம் 15 கிராமோ அதற்கு மேலோ? ஐ.ஜி.ஜி. அல்லாத வகையா? விகிதம் பிசகியிருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் இருபது ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு 5 விழுக்காடு. வேறு காரணத்தால் இறப்பதையும் கணக்கில் எடுத்தால் 2. மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் 58. வேறு காரண இறப்பையும் கணக்கில் எடுத்தால் 27. அந்த ஆய்வில் சுமார் 40 விழுக்காட்டினர் முதலாமவரைப் போன்றவர்கள். சராசரி வாக்கியம் அவர்களை வீணாகப் பயமுறுத்துகிறது. இரண்டாமவருக்கோ வீண் தைரியம் தருகிறது. அந்த மூன்று விடைகளும் மருத்துவரின் திரையில்தான் இருக்கின்றன. கடிதத்தில் ஏறாததற்கு மொழி எளிமை எப்படிக் காரணமாகும்?

இந்த மழுப்பல் அடுத்த பத்தியையும் கெடுக்கிறது. ‘ஆறு மாதத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை’ என்று எழுதுகிறார்கள். ஏன் ஆறு மாதம் என்று எழுதுவதில்லை. ஆறு மாதத்துக்குள் ஏதோ வரப்போகிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு புரதம் அசையாமல் நிற்கிறதா, ஏறுகிறதா என்று சொல்ல முடியாது. இரண்டாவது அளவு அதற்காகத்தான். அது அசையாமல் இருந்தால் முதலாமவர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தால் போதும். இரண்டாமவர் ஆண்டுதோறும் வர வேண்டும். அதற்கு முன் மஜ்ஜைப் பரிசோதனையும் எலும்புகளுக்கான சி.டி. ஸ்கேனும் வேண்டும். மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் நோயின் பெயரே மாறிவிடும். ஹீமோகுளோபின், கால்சியம், கிரியேட்டினின் ஆகியவை எதற்கு? ரத்தம், எலும்பு, சிறுநீரகம் மூன்றும் இன்னும் தாக்கப்படவில்லை என்று பார்க்க. இதை எழுத எத்தனை வரி ஆகும்?

சிறுநீரகம் தளர்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். இலகு சங்கிலி விகிதத்தின் இயல்பு எல்லை 0.26 முதல் 1.65 வரை. சிறுநீரகம் தளர்ந்தால், மஜ்ஜையில் புதிதாக ஒன்றும் நேராமலே அந்த விகிதம் ஏறும், அவர்களுக்கு 3.1 வரை இயல்பாகக் கொள்வதுண்டு. அப்படிப்பட்ட ஒருவருக்கு விகிதம் 2 என்று வந்தால் ஆய்வகம் அதைச் சிவப்பு எழுத்தில் அச்சிடும். அந்த முடிவு நோயாளியின் கைபேசிக்கே வந்துவிடுகிற காலம் இது. கடிதம் அதைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அவர் இணையத்தில் தேடுவார். கிடைப்பது மைலோமாவாகத்தான் இருக்கும்.

எண்களை நேரில் பக்குவமாகச் சொல்லலாம், கடிதத்தில் வேண்டாம் என்பது ஆதரவாளர்களின் வாதம். நேரில் கேட்டதை அன்று மாலையே பாதி மறப்போம். எட்டு ஆண்டு கழித்து முதுகுவலியோடு அவசரப் பிரிவில் உட்கார்ந்திருக்கும்போது, எதிரே இருக்கும் இளம் மருத்துவரிடம் நீட்டக் கடிதம்தான் இருக்கும். அதில் வகையும் அளவும் விகிதமும் இல்லையென்றால் அவருக்கு அது வெறும் காகிதம். இதைக் கனிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படித்தவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல நேரமில்லாதவர்கள் கண்டுபிடித்த சௌகரியம் இது.

உங்கள் கையிலோ வீட்டுப் பெரியவர் கையிலோ இப்படி ஒரு கடிதம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். புரதத்தின் வகை, லிட்டருக்கு எத்தனை கிராம், இலகு சங்கிலி விகிதம் என்ற மூன்றும் அதில் இல்லையென்றால், எழுதியவருக்கே பதில் எழுதிக் கேளுங்கள். விடாத எலும்பு வலி, காரணமில்லாத எடை இழப்பு, நுரைக்கும் சிறுநீர், பாதத்தில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.