நிலப்பட எறியமும் ஏரியின் பரப்பளவும்: மெர்காட்டர் குறித்த ஒரு மதிப்பீடு

நிலப்பட எறியம் என்பது உருண்டையான புவிப்பரப்பைத் தட்டையான தாளிலோ திரையிலோ வரைவதற்கான கணித முறை ஆகும். பள்ளிப் பாடநூல்களில் இது கோட்டுச்சட்டம் என்றும் வழங்கப்படுகிறது. உருண்டையைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையாக்க முடியாது. அதனால் ஒவ்வோர் எறியமும் வடிவம், பரப்பு, தொலைவு, திசை ஆகியவற்றுள் சிலவற்றைக் காத்து மற்றவற்றைக் கைவிடுகிறது. 1569-இல் கெரார்டசு மெர்காட்டர் வெளியிட்ட எறியம் கைவிட்டது பரப்பளவை. மாலுமி ஒரே திசைகாட்டிக் கோணத்தில் செல்லும் பாதை அதில் நேர்கோடாக அமையும். கடற்பயணத்துக்கு அது பெரும் உதவி. நாடுகளின் அளவை ஒப்பிடுவதற்காக அது வரையப்படவே இல்லை.

இந்தக் குறையைச் சுட்ட வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு கிரீன்லாந்து. அது சரியான எடுத்துக்காட்டுதான். ஆனால் அதைத் திரும்பத் திரும்பக் காட்டுவதால் ஒரு தவறான எண்ணம் படிந்துவிட்டது: திரிபு துருவங்களுக்கு அருகில் மட்டும் நிகழ்வது, நிலநடுக்கோட்டை ஒட்டிய தமிழ்நாட்டில் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பது அது. சென்னையின் மேற்குப் புறநகரில் ஓர் ஏரியை அளந்து பார்த்தால் இந்த எண்ணம் நிலைப்பதில்லை.

கட்டங்களைக் கொண்டு ஒப்பிடுதல்

முதலில் திரிபு எப்படி எழுகிறது என்பதைப் பார்க்கலாம். உருண்டையில் தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வருகின்றன. மெர்காட்டர் படத்திலோ அவை இணைகோடுகள். ஆகவே ஒவ்வோர் அட்சக்கோடும் கிழக்கு மேற்காக இழுபடுகிறது. இழுவையின் அளவு, 1-ஐ அந்த அட்சக்கோணத்தின் கொசைனால் வகுத்தால் கிடைக்கும். வடிவம் கெடாமலிருக்க வடக்கு தெற்காகவும் அதே அளவு இழுக்க வேண்டியுள்ளது. இரு பக்கமும் இழுபடுவதால் பரப்பு அந்த இழுவையின் வர்க்கமாகப் பெருகுகிறது.

தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1.30 இலட்சம் சதுர கிலோமீட்டர். ஐசுலாந்தின் பரப்பு ஏறத்தாழ 1.03 இலட்சம். ஐசுலாந்து 65 பாகை வடக்கை ஒட்டியிருப்பதால் மெர்காட்டரில் அதன் பரப்பு ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. தமிழ்நாட்டின் பரப்போ சராசரியாக 4 விழுக்காட்டளவே கூடுகிறது. விளைவாக, உண்மையில் சிறிய நாடான ஐசுலாந்து படத்தில் தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்குக்கும் மேலாகத் தெரிகிறது.

மென்பொருள் இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று கோடிட்ட படத்தில் ஒவ்வொரு கட்டத்தின் உண்மைப் பரப்பும் அதன் அட்சக்கோணத்தின் கொசைனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 12,360 சதுர கிலோமீட்டர். 13 பாகையில் சுமார் 12,000. 65 பாகையில் சுமார் 5,200. நாட்டின் எல்லைக்குள் விழும் கட்டங்களை வரிசை வரிசையாக எண்ணி, ஒவ்வொரு வரிசையையும் அதற்குரிய மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் போதும். எல்லையில் பாதியாக வெட்டுப்படும் கட்டங்களைக் கண்ணால் மதிப்பிட வேண்டியிருக்கும். எனினும் எது பெரியது என்ற கேள்விக்கு இந்த எளிய முறை பிழையின்றி விடை தரும்.

மாற்றாக முன்வைக்கப்படும் கால்-பீட்டர்சு எறியம் பரப்பைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் அதில் தமிழ்நாடு தன் அகலத்துக்கு ஏற்ற உயரத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீண்டு, ஒல்லியாகத் தொங்கும். மெர்காட்டரின் அநீதியைப் பேசுவோர் இதை அரிதாகவே சொல்கிறார்கள்.

அம்பத்தூரில் ஆறு விழுக்காடு

இணைய நிலப்படங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது இணைய மெர்காட்டர் எனப்படும் வகை. மென்பொருள்களில் இதன் குறியீடு EPSG:3857. 2005-இல் கூகுள் நிலப்படம் இதைக் கையாண்ட பிறகு மற்ற சேவைகளும் பின்பற்றின. தெருக்களின் மூலைகள் ஏறத்தாழச் செங்கோணமாகவே தெரிவதாலும், படத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டி அனுப்ப எளிதாக இருப்பதாலும் இந்தத் தெரிவு நியாயமானதே. குறை அதன் அலகில் இருக்கிறது. ஆயத்தொலைவுகள் மீட்டர் என்று குறிக்கப்பட்டிருக்கும், ஆனால் அந்த மீட்டர் நிலநடுக்கோட்டில்தான் நடைமுறையில் மீட்டருக்குச் சமம்.

அம்பத்தூரும் ஆவடியும் 13.11 பாகை வடக்கை ஒட்டியவை. பூந்தமல்லி 13.05. மூன்றுக்கும் ஒரே கணக்கு போதும். கொசைன் வாய்பாட்டின்படி பரப்பு 5.4 விழுக்காடு கூட வேண்டும். உண்மையில் கூடுவது 6 விழுக்காடு. இணைய மெர்காட்டர் புவியை முழு உருண்டையாகக் கொண்டு கணக்கிடுகிறது, ஆனால் அதற்குள் இடப்படும் அட்சக்கோணங்களோ துருவங்களில் சற்றுத் தட்டையான நீள்கோளத்தின்மீது அளக்கப்பட்டவை. இந்தப் பொருத்தமின்மைதான் எஞ்சிய வேறுபாட்டைத் தருகிறது. தரையில் 1,000 மீட்டராக உள்ள ஒரு கோடு, அம்பத்தூரில் கிழக்கு மேற்காக 1,027 ஆகவும் வடக்கு தெற்காக 1,033 ஆகவும் கணக்கில் வரும்.

ஊர் வழக்கில் சொன்னால், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்ட் மனை 2,545 சதுர அடியாகத் தெரியும். 100 சென்ட் கொண்ட ஓர் ஏக்கர் 106 சென்ட் ஆகும். மனை வாங்குவோர் யாரும் இதை நம்பிப் பணம் கொடுக்கப் போவதில்லை, பத்திரத்தில் அளவு இருக்கிறது. ஏரிகளின் நிலை வேறு.

அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என இப்பகுதி ஏரிகள் நிறைந்தது. ஓர் ஏரி சுருங்கியுள்ளதா என்று அறிய விரும்பும் மாணவர் வழக்கமாகச் செய்வது இது: செயற்கைக்கோள் படத்தின்மேல் இன்றைய எல்லையை வரைந்து பரப்பை எடுப்பார், வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் உள்ள பரப்போடு ஒப்பிடுவார். பதிவேட்டிலுள்ளது நிலத்தில் அளந்து எழுதிய அளவு. மாணவர் எடுத்தது இணைய மெர்காட்டர் அளவாக இருந்தால் இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். பதிவேட்டில் ஏரி 400 ஏக்கர். அதில் 24 ஏக்கர் ஆக்கிரமிக்கப்பட்டு இன்று மிஞ்சியிருப்பது 376 ஏக்கர். இணைய மெர்காட்டரில் இந்த 376 ஏக்கர் ஏறத்தாழ 399 ஏக்கராகக் காட்டும். பதிவேட்டுக்கும் இன்றைய அளவுக்கும் ஓர் ஏக்கர்தான் வேறுபாடு, ஏரி பத்திரமாக இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வருவார். 24 ஏக்கர் காணாமல் போனது எறியத்துக்குள் மறைந்துவிடும்.

கரையைக் கையால் வரையும்போது நேரும் பிழையும் இதே அளவுக்கு இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், கோடையில் சுருங்கிய நீர்விளிம்பை ஏரி எல்லையாகக் கொண்டால் பிழை இதைவிடப் பெரிதாகவே வரும். ஆனால் கவனமாக வரைந்தவரின் கைப்பிழை ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் விழும். எறியத்தின் பிழை எப்போதும் ஒரே பக்கம், ஏரியைப் பெரிதாக்கும் பக்கம் மட்டுமே விழுகிறது. எத்தனை முறை அளந்தாலும் அது சராசரியில் கரையாது.

கண்டறிதலும் திருத்தமும்

கூகுள் நிலப்படத்தில் உள்ள அளவிடும் கருவி இந்தத் தவற்றைச் செய்வதில்லை. படம் மெர்காட்டரில் இருந்தாலும் கணக்கு புவியின் வளைபரப்பில் நடக்கிறது. சிக்கல் எழுவது QGIS போன்ற மென்பொருள்களில். இணைய அடிப்படத்தை முதல் அடுக்காகச் சேர்த்தவுடன் திட்டம் முழுவதும் EPSG:3857-க்கு மாறிவிடும். அதில் உருவாக்கும் புதிய அடுக்கும் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்ளும். பிறகு `area(@geometry)` என்று கணக்கிட்டால் தட்டைப் படத்தின் பரப்பு வரும். `$area` என்று கணக்கிட்டால் திட்டத்தில் தெரிவு செய்த நீள்கோளத்தின்மீதான பரப்பு வரும். நீள்கோளம் `None / Planimetric` என்று இருந்தால் இந்த இரண்டாவது வழியும் பயன்படாது.

PostGIS தரவுத்தளத்தில் மூன்று அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஏரிகள் `eri` என்ற அட்டவணையில் அட்சம், தீர்க்கமாக (EPSG:4326) சேமிக்கப்பட்டிருந்தால்:

```
SELECT ST_Area(ST_Transform(geom, 3857))  AS a1,
       ST_Area(ST_Transform(geom, 32644)) AS a2,
       ST_Area(geom::geography)           AS a3
FROM eri;
```

`a3` நீள்கோளத்தின்மீது கணக்கிட்ட பரப்பு. இதையே உண்மைப் பரப்பாகக் கொள்ளலாம். அம்பத்தூர்ப் பகுதியில் `a1`-ஐ `a3`-ஆல் வகுத்தால் 1.06 வர வேண்டும். யாரோ தந்த பழைய அளவு எந்த முறையில் வந்தது என்று தெரியாதபோது இந்த விகிதம் ஒரு கைரேகைபோல் உதவும்: ஒரே எல்லைக்கு இரண்டு அளவுகள் சரியாக 6 விழுக்காடு வேறுபட்டால் காரணம் எறியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். `a2` என்பது யூடிஎம் 44 வடக்கு மண்டலம். அதில் சென்னையின் மேற்குப் புறநகர் அளவு வெறும் 0.06 விழுக்காடு குறைகிறது. மேற்கண்ட 376 ஏக்கரில் இது கால் ஏக்கர்கூட இல்லை. ஆனால் கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலத்தில் விழுகிறது. அதற்குரிய அமைப்பை அப்படியே கொண்டுவந்து ஆவடியில் பயன்படுத்தினால் பரப்பு முக்கால் விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். மெர்காட்டர் அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் தேவையற்ற பிழை.

இணைய மெர்காட்டர் எல்லா ஒப்பீட்டையும் கெடுத்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. ஒரே ஏரியின் இரண்டு ஆண்டு எல்லைகளை அதே எறியத்தில் அளந்து எத்தனை விழுக்காடு சுருங்கியது என்று கேட்டால் விடை சரியாகவே வரும். இரு அளவும் ஒரே மடங்கு பெருகியிருப்பதால் விகிதத்தில் அது அடிபட்டுப் போகிறது. கொரட்டூர் ஏரியை அம்பத்தூர் ஏரியோடு ஒப்பிடுவதும் இதனால் பாதுகாப்பானது. ஏரியைக் காசுமீரத்தின் தால் ஏரியோடு ஒப்பிட முனைந்தால்தான் நிலைமை மாறும். அங்கே 34 பாகையில் பரப்பு 46 விழுக்காடு பெருகுகிறது, அம்பத்தூரில் 6 மட்டுமே. தால் ஏரி இருக்க வேண்டியதைவிட ஒப்பீட்டளவில் 38 விழுக்காடு பெரிதாகத் தெரியும். இத்தகைய தொலைதூர ஒப்பீட்டுக்கு நீள்கோளக் கணக்கையோ EPSG:6933 போன்ற சமபரப்பு எறியத்தையோ பயன்படுத்த வேண்டும். யூடிஎம் போதாது, ஏனெனில் இரண்டு ஏரிகளும் வெவ்வேறு மண்டலங்களில் விழுகின்றன.