கார்டானோவின் அவசரத் தீர்ப்பு

1545-ல் வந்த 'ஆர்ஸ் மாக்னா'வில் கார்டானோ ஒரு கணக்கு போடுகிறார். 10-ஐ இரண்டாகப் பிரிக்கணும், பெருக்கினா 40 வரணும். அதாவது x² − 10x + 40 = 0.

சூத்திரத்தை விட்டுட்டு வர்க்கப்பூர்த்தி செய்வோம். 10-ல் பாதி 5, அதன் வர்க்கம் 25. ஆக (x − 5)² = 25 − 40 = −15. இதையே ax² + bx + c = 0-க்குச் செய்தால் (x + b/2a)² = (b² − 4ac)/4a². வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் சூத்திரம்.

தன்மைகாட்டி மைனஸ் ஆனா "மெய் மூலங்கள் இல்லை"ன்னு எழுதி நிறுத்திடறோம். ஆனால் அந்த −15 ஒரு தகவல் சொல்லுது: 10-ஐ எப்படிப் பிரித்தாலும் பெருக்கல்பலன் 25-ஐத் தாண்டாது, நாம் கேட்டது அதைவிட 15 அதிகம்.

மூலங்கள் 5 ± √−15. பெருக்கினால் 25 − (√−15)² = 25 + 15 = 40. இங்கே √−15 × √−15 = √225 = 15 என்று போட்டால் விடை 10 ஆகிவிடும்; தப்பு அதிலேயே தெரியும். மைனஸ் எண்களுக்கு அந்த விதி செல்லாது.

கார்டானோ சரியாகவே பெருக்கினார். ஆனா விடையைப் பயனற்றதுன்னு ஒதுக்கினார், அதுதான் பிழை. 1572-ல் பொம்பெல்லி இதே மாதிரி எண்களை வைத்தே x³ = 15x + 4-க்கு 4 என்ற மெய்யான விடையை எடுத்துக் காட்டினார்.