பிளவுபடாத இதய இலை

மான்ஸ்டெரா என்றால் கிழிந்து விரிந்த பெரிய இலைதான் எல்லோருக்கும் நினைவு வரும். நர்சரியில் வாங்கிய செடி மாதக்கணக்காக முழு இதய வடிவில் மட்டுமே இலை விட்டால், வேறு செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. எனக்கு அந்த முழு இலையைப் பார்ப்பதில் தனி இன்பம் உண்டு. செடி எப்படி வாழ்கிறது என்பதை அது ஒளிக்காமல் காட்டிவிடும்.

மான்ஸ்டெரா டெலிசியோசாவின் தாயகம் தெற்கு மெக்சிகோவிலிருந்து நடு அமெரிக்கா வரையுள்ள ஈரக்காடுகள். விதை முளைப்பது காட்டுத் தரையில். அங்கே இளங்கொடிக்கு முதல் தேவை ஏறிக்கொள்ள ஒரு மரம். இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு கொடியைக் கோஸ்டா ரிகாவில் கவனித்த ஸ்ட்ராங், ரே என்ற இரு ஆய்வாளர்கள், அதன் நாற்று வெளிச்சத்தை விட்டு இருட்டை நோக்கி ஊர்ந்து செல்வதை 1975-ல் எழுதினார்கள். காட்டில் அடர்ந்த இருட்டாகத் தெரிவது பருத்த அடிமரம் அல்லவா! அதைத் தொட்ட பிறகே கொடி வெளிச்சத்தை நோக்கி மேலே திரும்புகிறது.

மரம் கிடைக்கும் வரை விடும் இலைகள் சிறியவை, முழுமையானவை. ஏற ஏற இலை பெரிதாகும். பெரிதான பிறகே பிளவு வரும். முதலில் ஓரத்தில் ஒன்றிரண்டு வெட்டு, அடுத்த இலைகளில் இரு பக்கமும் பல வெட்டு, நன்றாக முதிர்ந்தபின் நடுநரம்பை ஒட்டிச் சிறு துளைகள். காட்டின் உள்ளே வெயில் சிறு பொட்டுகளாக விழுந்து நகர்கிறது. அதே அளவு இலைப்பரப்பைத் துளை விட்டு அகலமாக விரித்தால், அந்தப் பொட்டுகள் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். கிடைத்தால் நிறைய, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலை குறையும். 2013-ல் கிறிஸ்டோபர் முயர் முன்வைத்த இந்த விளக்கம்தான் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

துளையும் பிளவும் இலை மொட்டுக்குள் சுருண்டிருக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. அந்தந்த இடத்துச் செல்கள் மட்டும் அப்போதே மடிந்துவிடும். ஆகவே முழுசாக விரிந்த இலை பிறகு ஒருநாளும் பிளக்காது. மாற்றம் தெரிய அடுத்த இலைக்கோ, அதற்கடுத்த இலைக்கோ காத்திருக்க வேண்டும்.

வீட்டுச் செடியில் முழு இலை வருவதற்கு வயது, வெளிச்சம், பிடிமானம் மூன்றும் காரணமாகலாம். எது என்று அறிய, கடைசியாக வந்த இரண்டு மூன்று இலைகளை வரிசையாகப் பாருங்கள். புது இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக, கணுக்கள் நெருக்கமாக இருந்தால் செடிக்கு ஒரு குறையும் இல்லை, வயதுதான் போதவில்லை. விதையிலிருந்து வளர்ந்த செடி இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும். முதிர்ந்த தண்டிலிருந்து வெட்டி வைத்த பதியன் அவ்வளவு காக்க வைக்காது.

காம்பு நீண்டு, கணுக்களுக்கு இடையே தூரம் கூடி, புது இலை பழையதைவிடச் சிறிதாகிக்கொண்டே வந்தால் வெளிச்சம் குறைவு. முன்பு பிளந்த இலை விட்ட செடியும் இருட்டு மூலைக்குப் போனால் மறுபடி முழு இலைக்குத் திரும்பிவிடும். உச்சிவேளையில் செடி இருக்குமிடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் போதும். மங்கலாகக்கூட விழாவிட்டால் போதாது. கிழக்கு ஜன்னலின் காலை வெயில் இதற்கு ஏற்றது. நம் ஊர் உச்சி வெயில் நேரே பட்டால் இலை பொசுங்கிப் பழுப்பாகும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. இலை பச்சையாக, திடமாக இருக்கும். ஆனால் ஒரே அளவிலேயே நின்றுவிடும். தண்டு தொட்டிக்கு வெளியே பக்கவாட்டில் படரும், விழுது போன்ற வேர்கள் காற்றில் தொங்கும். ஏறுவதற்கு ஆதாரம் கேட்கிற கொடி அது. தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, அந்த வேர்கள் புறப்படும் பக்கம் கம்பைப் பார்க்கும்படி தண்டைச் சேர்த்துக் கட்டுங்கள். காம்பைக் கட்டக் கூடாது. இலை வெளிச்சத்துக்குத் திரும்பக் காம்புக்கு இடம் வேண்டும். நாரில் ஈரம் இருந்தால்தான் வேர் பற்றும். காய்ந்த கம்பு வெறும் முட்டுக்கொடுப்பாகவே நின்றுவிடும்.

பிடிமானம் இலையை எவ்வளவு மாற்றும் என்று பார்க்க மான்ஸ்டெராவே வேண்டியதில்லை. வரவேற்பறைப் பாட்டிலில் உள்ளங்கை அளவு முழு இலை விடும் மணி பிளாண்ட், தோட்டத்துத் தென்னையில் ஏறினால் பெரிய இலை விட்டு ஓரம் பிளந்து நிற்கும். செடி அதேதான்.

ஆகவே இதய இலை வருகிறதென்று உர மூட்டையைத் தேடி ஓட வேண்டாம். இருட்டில் நிற்கும் செடிக்கு உரம் கூடினால் வேர் கருகும். பிளவில்லாத இலைகளை நறுக்கியும் எறியாதீர்கள். அடுத்த இலையைப் பெரிதாக்கும் உணவைச் சமைப்பது அவைதான்.