மூட்டையில் உள்ள கந்தகமும் எள்ளுக்குள் சேரும் கந்தகமும்

2023 ஜூலையில் ராஜஸ்தானில் அறிமுகமான கந்தகம் பூசிய யூரியா, 'யூரியா கோல்டு', எண்ணெய்வித்துப் பயிர்களுக்கென்றே பிறந்த உரம்போலப் பேசப்படுகிறது. தழைச்சத்து 37 சதவீதம், கந்தகம் 17 சதவீதம். 40 கிலோ மூட்டையின் விலையும் 45 கிலோ சாதாரண யூரியாவின் விலையேதான். திருவனந்தபுரத்தில் உரம் பற்றிப் பேசுகிறவர்களும் இந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அதன் நன்மைகளை மறுக்கவில்லை. பூச்சு இருப்பதால் யூரியா மெல்லக் கரைகிறது, வீணாவது குறைகிறது. டிஏபியும் யூரியாவும் வந்து சூப்பரை ஓரங்கட்டிய பிறகு மண்ணில் கந்தகம் வற்றிப்போனது உண்மை. ஆண்டு முழுவதும் நிற்கும் தென்னைக்கு இந்த உரம் பொருந்தவும் கூடும்.

ஆனால் எள் தென்னை அல்ல. கொல்லம், ஆலப்புழை மாவட்டங்களில் பரந்துகிடக்கும் ஓணாட்டுக்கரை மணலில், நெல் அறுத்த வயலில் மார்கழி, தை வாக்கில் எள் விதைக்கிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற எள் இதுதான். மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பி ஏறக்குறைய 80 நாளில் முடிந்துவிடும் பயிர். இந்தக் குறுகிய காலத்துக்குள் கந்தகம் வேருக்குக் கிடைத்தாக வேண்டும்.

யூரியா கோல்டு குருணை ஒன்றைத் தண்ணீரில் போட்டு வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் யூரியா கசிந்து வெளியேறிவிடும், மஞ்சள் ஓடு மட்டும் கரையாமல் நிற்கும். அந்த ஓடுதான் கந்தகம். பயிர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணிலுள்ள தயோபேசிலஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை சல்பேட்டாக மாற்ற வேண்டும். அதற்கு ஈரம் வேண்டும், நுண்ணுயிர் பெருக மக்கு வேண்டும், கந்தகம் பொடியாகவும் இருக்க வேண்டும். இங்கே ஓடு தடிமனான துண்டுகளாகக் கிடக்கிறது, மணலில் மக்கு குறைவு, ஈரமோ நாளுக்கு நாள் இறங்குகிறது. வெயில் மட்டும்தான் சாதகம். இந்த நிலையில் காய் முற்றுவதற்குள் அந்தக் கந்தகம் முழுவதும் எள்ளுக்கு எட்டும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, 15 கிலோ மணிச்சத்து என்று வைத்துக்கொள்வோம். தழைச்சத்து முழுவதையும் யூரியா கோல்டாகப் போட்டால் 81 கிலோ உரம் வேண்டும், அதில் கந்தகம் 14 கிலோ இருக்கும். காகிதத்தில் இது நல்ல அளவுதான். ஆனால் தழைச்சத்து முன்னே போய்விடும், கந்தகம் பின்தங்கிவிடும். என் முக்கியமான ஆட்சேபம் இங்கேதான் இருக்கிறது.

எண்ணெயில் கந்தகம் இல்லை. எண்ணெய் உருவாகும் பாதையில் கோஎன்சைம் ஏ வழியாக அது உதவுகிறது, அவ்வளவுதான். விதையில் கந்தகத்தின் பெரும் இருப்பிடம் புரதம். மெத்தியோனினும் சிஸ்டீனும் கந்தகம் இல்லாமல் உருவாகாது. நிலக்கடலையில் குறைவாக உள்ள மெத்தியோனின் எள்ளில் நிறைய உண்டு. எள்ளுப் பிண்ணாக்கின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. தழைச்சத்து தாராளமாகவும் கந்தகம் தட்டுப்பாடாகவும் இருந்தால் விதை புரதம் சேர்ப்பதை நிறுத்துவதில்லை, கந்தகம் குறைந்த புரத வகைகளைக் கூட்டிக்கொள்கிறது. சோயாவில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது: மெத்தியோனினே இல்லாத ஒரு புரத அலகு அப்போது பெருகுகிறது.

ஆய்வகம் இதைக் கண்டுபிடிக்காது. கெல்டால் முறையில் தழைச்சத்தை அளந்து ஓர் எண்ணால் பெருக்கி, அதையே புரதம் என்று எழுதுகிறோம். மெத்தியோனின் குறைந்த எள்ளுக்கும் அறிக்கையில் நல்ல புரத அளவு வரும், சில வேளை கூடுதலாகவே வரும். இப்படிப்பட்ட அட்டவணையைக் காட்டி உரம் தரத்தை உயர்த்தியது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

வயலில் இதைக் கண்டுகொள்ளலாம். தழைச்சத்து குறைந்தால் கீழிலை முதலில் வெளுக்கும். கந்தகம் செடிக்குள் எளிதில் இடம்பெயராது. அதனால் அது குறைந்தால் கீழிலை பச்சையாக இருக்க, கொழுந்து வெளுக்கும். பூக்கும் முன் ஒரு வரிசை நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாற்று உரத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். ஆலுவாய்க்குப் பக்கத்தில் உத்யோகமண்டலில் ஃபாக்ட் தயாரிக்கும் ஃபாக்டம்பாஸில் 13 சதவீதம் கந்தகம், சல்பேட்டாகவே இருக்கிறது. அதில் 75 கிலோ போட்டால் மணிச்சத்து முழுவதும், தழைச்சத்தில் பாதியும், ஏறக்குறைய 10 கிலோ கந்தகமும் கிடைத்துவிடும். மீதித் தழைச்சத்தை 73 கிலோ அமோனியம் சல்பேட்டாகக் கொடுத்தால் இன்னும் 17 கிலோ கந்தகம் சேரும். மண்ணின் புளிப்பு கூடும், சுண்ணாம்பு போட்டாக வேண்டும் என்பது இதன் குறை. ஆனால் கந்தக ஓடும் கடைசியில் கந்தக அமிலமாகத்தான் மாறுகிறது. அதிலும் புளிப்பு உண்டு, அந்தப் பயிருக்குப் பயன் கிடைக்காமலே.

யூரியா கோல்டை எள்ளுக்குச் சிபாரிசு செய்கிறவர்கள் ஓணாட்டுக்கரை மணலில் இரண்டு உரத்தையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போட்டு, அறுவடையான விதையின் மெத்தியோனின் அளவை வெளியிடட்டும். கெல்டால் எண் போதாது.